ரூ.447.22 மட்டும் இடிக்கிறது: ஜூன் மாத பேங்க் ரெகன்சிலியேஷன்

மலைக்கோட்டை_பெயின்ட்
3 ஜூலை 2025, இரவு 8.10

திண்டுக்கல்லில் பெயின்ட், ஹார்டுவேர் கடை. அப்பா பார்த்துக்கொண்டிருந்த கணக்கை இந்த ஏப்ரலிலிருந்து நான் பார்க்கிறேன். டாலியில்தான் எழுதுகிறோம். ஜூன் மாதத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்டையும் டாலியையும் ஒத்துப் பார்த்தேன். கிளியர் ஆகாத செக்குகளைக் கழித்துக் கூட்டிய பிறகும் பேங்க்கைவிட நம் புத்தகத்தில் ரூ.447.22 அதிகமாக நிற்கிறது.

மே 31 முடிவில் நிலுவையில் இருந்தவை இவை. கட்டட மேஸ்திரி ஒருவர் கொடுத்த செக் ரூ.25,000, அன்று சாயங்காலம் டிராப் பாக்ஸில் போட்டது. அன்றைய கார்டு ஸ்வைப் நான்கு, மொத்தம் ரூ.18,600. நாங்கள் கொடுத்த செக் மூன்று: பெயின்ட் டிப்போவுக்கு ரூ.46,200, பிரஷ் சப்ளையருக்கு ரூ.12,500, லாரி ஆபீஸுக்கு ரூ.8,750.

மேஸ்திரி செக் ஜூன் 2-ஆம் தேதி வரவாகிவிட்டது. டிப்போ, பிரஷ் செக் இரண்டும் முதல் வாரத்திலேயே போய்விட்டன. லாரி ஆபீஸ் செக் மட்டும் இன்னும் வரவில்லை, அது மார்ச் 14-ஆம் தேதி செக். கார்டு வரவில் 18,600 என்று ஒரு வரியும் இல்லை, ஆனால் ஜூன் 2-இல் 18,270.78 என்று ஒன்று இருக்கிறது. அதுதானா?

இன்னொன்று. ஜூன் 3-இல் பேங்க் ரூ.25,000 எடுத்திருக்கிறது, ஜூன் 5-இல் ரூ.25,000 போட்டிருக்கிறது. தவறுதலாக எடுத்துத் திருப்பிப் போட்டதுபோல் தெரிகிறது, இரண்டையும் பென்சிலால் அடித்துவிட்டேன். 447.22-ஐ பேங்க் சார்ஜ் என்று எழுதி முடித்துவிடலாமா?

சரக்குலாரி
3 ஜூலை, இரவு 8.32

தாராளமாக எழுதுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் நான் பேங்க் சார்ஜில் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. லாரி ஆபீஸ் செக் மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி பேங்க்கில் செல்லாது. அதை இதர வருமானத்தில் போட்டுவிடுங்கள், லாபம்தான்.

இட்லிமாவு_கோவை
3 ஜூலை, இரவு 8.50

எனக்கும் இதே தொல்லை. மாவு வாங்கிப் போகிற கடைக்காரர்கள் பாக்கியைக் கிளியர் பண்ணவே மாட்டேன் என்கிறார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் நாற்பதாயிரம் நிற்கிறது. யாராவது நல்ல வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
3 ஜூலை, இரவு 9.05

மாவு அக்கா, நீங்கள் கேட்பது வாடிக்கையாளர் பாக்கி. இங்கே பேச்சு வேறு. நம் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது, பேங்க்கில் இன்னும் வரவில்லை என்கிற வரிகளைப் பற்றி. உங்களுடையதைத் தனியாகக் கேளுங்கள், பேசுவோம்.

பெயின்ட் தம்பி, 447.22-ஐத் தொடாதீர்கள். பைசாவோடு ஒரு தொகை நின்றால் அது தானாக நிற்காது. உங்களுடையது இரண்டு துண்டாக உடையும் என்று நினைக்கிறேன். கார்டு வரவு முதல் துண்டு. 18,600-இலிருந்து 18,270.78 போனால் 329.22. நான்கும் கிரெடிட் கார்டா? ஒன்றரை சதவீதக் கமிஷன் என்றால் 279, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 50.22. கூட்டினால் 329.22 சரியாக வருகிறது. அந்த வரவு உங்களுடையதுதான். மற்ற நாட்களுக்கும் கமிஷன் எழுதுகிறீர்களா?

மலைக்கோட்டை_பெயின்ட்
3 ஜூலை, இரவு 9.14

ஆமாம் அக்கா, நான்கும் கிரெடிட் கார்டுதான். ஜூன் மாத கமிஷனைக் கடைப் பையன் அன்றன்றைக்கு எழுதிவிட்டான். மே 31 விற்பனைக்கு மட்டும் பணம் ஜூனில் வந்ததால் இரண்டு மாதத்துக்கும் நடுவே விழுந்துவிட்டது போல. அப்படியென்றால் மீதி 118.

ஓய்வு_கிளியரிங்
3 ஜூலை, இரவு 9.31

தம்பி, 118 என்றால் நூறும் அதன் ஜிஎஸ்டி பதினெட்டும். பேங்க் எதற்காகவோ நூறு ரூபாய் கட்டணம் போட்டிருக்கிறது. ஸ்டேட்மென்டில் ஜூன் 3-ஆம் தேதியைப் பாருங்கள். அந்த 25,000 எடுத்த வரிக்குப் பக்கத்திலேயே 118 இருக்கும். இரண்டு வரியிலும் விவரப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள். ஜூன் 5 வரியையும் சேர்த்து.

முப்பது வருஷம் கிளியரிங் செக்ஷனில் இருந்தவன் நான். பேங்க் தவறுதலாக எடுத்தால் அதைத் திருத்துகிற வரி அதே விவரத்தோடு வரும். இரண்டு நாள் கழித்து வேறு விவரத்தில் வந்தால் அது திருத்தம் இல்லை.

மலைக்கோட்டை_பெயின்ட்
3 ஜூலை, இரவு 9.47

பார்த்துவிட்டேன் சார். வயிற்றைக் கலக்குகிறது.

```
02-06  CTS CLG CR          25,000.00 Cr
02-06  POS SETTLEMENT      18,270.78 Cr
03-06  CHQ RTN FUNDS INSUFF 25,000.00 Dr
03-06  CHQ RTN CHG incl GST    118.00 Dr
05-06  NEFT CR  ... TRADERS 25,000.00 Cr
```

மேஸ்திரி செக் திரும்பிவிட்டது. ஜூன் 2-இல் வரவு போட்டு 3-இல் எடுத்திருக்கிறார்கள். நான் 2-ஆம் தேதி வரியைப் பார்த்ததும் டாலியில் பேங்க்கில் விழுந்த நாளைக் குறிக்கிற `Bank Date` போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அப்படியானால் 5-ஆம் தேதி 25,000 யாருடையது? அந்த டிரேடர்ஸ் பெயரில் எங்களுக்கு வாடிக்கையாளரே இல்லை.

ஓய்வு_கிளியரிங்
3 ஜூலை, இரவு 9.58

அதை நாளைக்குத் தேடலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். செக்கும் ரிட்டர்ன் மெமோவும் உங்கள் கைக்கு என்றைக்கு வந்தன? மெமோ கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் செக் திரும்பியதற்காக 138-ஆம் பிரிவில் வழக்குப் போடுகிற வழி இந்தத் தடவைக்கு அடைபட்டுவிடும்.

மலைக்கோட்டை_பெயின்ட்
3 ஜூலை, இரவு 10.20

கவர் அப்பாவின் டிராயரில் இருந்தது. பிரிக்கவே இல்லை. கொரியர் சீட்டில் ஜூன் 6.

ஓய்வு_கிளியரிங்
3 ஜூலை, இரவு 10.26

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு 30 நாள் முடிகிறது. ஆனால் பயப்பட வேண்டாம். செக் தேதி மே 31 என்றால் ஆகஸ்ட் கடைசி வரை உயிரோடு இருக்கிறது. மறுபடியும் போடலாம், மறுபடியும் திரும்பினால் அந்த மெமோவிலிருந்து நாள் புதிதாக எண்ணப்படும். முதலில் மேஸ்திரியிடம் பேசுங்கள். பழகிய மனிதர் என்றால் அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரக்குலாரி
4 ஜூலை, காலை 7.05

நேற்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஐந்நூறு ரூபாய்க்குப் பின்னால் இருபத்தைந்தாயிரம் ஒளிந்திருக்கும் என்று நினைக்கவில்லை. என் புத்தகத்தில் இப்படி எத்தனை தள்ளிவிட்டிருக்கிறேனோ.

சரி, இனி வேலை சுலபம். டாலியில் மேஸ்திரி ரசீதை அழித்துவிடுங்கள். செக்தான் திரும்பிவிட்டதே.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
4 ஜூலை, காலை 9.40

அழிக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் இரண்டு வரி இருக்கிறது, வரவு ஒன்று, எடுத்தது ஒன்று. புத்தகத்திலும் இரண்டு இருந்தால்தான் வரிக்கு வரி பொருந்தும். மே 31 ரசீது அப்படியே இருக்கட்டும், அதற்குப் போட்ட ஜூன் 2 தேதியும் சரிதான். ஜூன் 3 தேதியில் ஒரு பேமென்ட் வவுச்சர் போடுங்கள். மேஸ்திரி கணக்கில் பற்று, பேங்க்கில் வரவு, 25,000. விவரத்தில் அதே செக் நம்பரும் திரும்பிய காரணமும். `Bank Date` ஜூன் 3. மேஸ்திரி பாக்கி மறுபடி எழுந்து நிற்கும். 118-க்குத் தனியாக ஒரு வவுச்சர், கமிஷன் 329.22-க்கு ஒன்று, தேதி ஜூன் 2. ஜிஎஸ்டி பகுதியைத் தனிக் கணக்கில் எழுதுங்கள், பில் இருந்தால் உள்ளீட்டு வரவு கிடைக்கும்.

ரசீதை அழித்தால் மே 31 இருப்பே மாறிவிடும். மே மாதம் நீங்கள் ஒத்துப் பார்த்து முடித்தது கலைந்துபோகும். அடுத்த மாதம் எதை நம்பித் தொடங்குவீர்கள்?

இந்தச் சிக்கலில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. 118-உம் 329.22-உம் இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் ஜூன் கணக்கு பைசா சுத்தமாக ஒத்திருக்கும். மொத்தம் ஒத்துப் போயிருக்கும், இரண்டு பேர் கணக்கு தவறாக இருந்திருக்கும். மேஸ்திரி கொடுத்துவிட்டதாகவும், அந்த டிரேடர்ஸ்காரர் கொடுக்காததாகவும்.

மலைக்கோட்டை_பெயின்ட்
4 ஜூலை, இரவு 9.15

டிரேடர்ஸ் யாரென்று தெரிந்துவிட்டது. பேங்க் செயலியில் அந்த வரியைத் திறந்தால் பணம் அனுப்பியதற்கான அடையாள எண், 16 எழுத்து யுடிஆர் வருகிறது. ஜூன் மாதம் பாக்கி காட்டுகிற பெரிய வாடிக்கையாளர்கள் ஆறு பேருக்கும் போன் போட்டு, 'ஜூன் 5-இல் ஏதாவது அனுப்பினீர்களா?' என்று கேட்டேன். நான்காவது ஆள் லாட்ஜ்காரர். சுண்ணாம்பு, பிரைமர் எல்லாம் எங்களிடம் வாங்கியவர். 'அப்பவே என் வீட்டுக்காரி பேரில் இருக்கிற கம்பெனி கணக்கிலிருந்து அனுப்பிட்டேனே' என்றார். வாட்ஸப்பில் அவர் அனுப்பிய படத்தில் அதே யுடிஆர்.

போன வாரம்தான் இவரிடம் பாக்கி கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 5 தேதியில் லாட்ஜ்காரர் பெயரில் ரசீது போட்டு, யுடிஆரை விவரத்தில் எழுதிவிட்டேன்.

மலைக்கோட்டை_பெயின்ட்
4 ஜூலை, இரவு 9.50

மேஸ்திரியிடமும் பேசினேன். அவருக்கு வர வேண்டிய பணம் இரண்டு நாள் தள்ளி வந்திருக்கிறது. செக் திரும்பியது அவருக்குத் தெரியும், நான் கேட்கட்டும் என்று இருந்திருக்கிறார். பத்தாம் தேதிக்கு மேல் மறுபடி போடச் சொல்கிறார். நோட்டீஸ் அனுப்பவில்லை. சரியா தவறா தெரியவில்லை, அப்பா அனுப்பக் கூடாது என்கிறார்.

ஓய்வு_கிளியரிங்
4 ஜூலை, இரவு 10.15

உங்கள் அப்பாவுக்கு ஆளைத் தெரியும். ஆனால் 10-ஆம் தேதி போட்டதும் அதைப் பின்தொடருங்கள். புதிய ரசீது வவுச்சர், புதிய தேதி, அதே செக் நம்பர். பழைய ரசீதை எடுத்துத் தேதி மாற்றி உபயோகிக்கக் கூடாது. ஒரே செக் நம்பர் மூன்று தடவை உங்கள் புத்தகத்தில் வரும், ஸ்டேட்மென்டிலும் மூன்று தடவை வரும்.

இட்லிமாவு_கோவை
5 ஜூலை, மதியம் 2.30

படித்துக்கொண்டே வந்தபோதுதான் புரிந்தது. எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது! ஸ்பீக்கர் 'இருநூற்று நாற்பது ரூபாய் வந்தது' என்று சொல்லும், ஆனால் பேங்க்கில் மறுநாள் காலை மொத்தமாக ஒரே வரி. மாதக் கடைசி நாள் இரவு வசூல் அடுத்த மாதத்தில் விழுகிறது. நான் ஒவ்வொரு 240-ஐயும் பேங்க்கில் தேடிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
5 ஜூலை, மாலை 4.00

ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள் அக்கா. 'க்யூஆர் வசூல்' என்று ஒரு கணக்கு திறந்து, நாள் முழுக்க வருவதை அதில் எழுதுங்கள். மறுநாள் பேங்க்கில் மொத்தம் விழுந்ததும் அதிலிருந்து பேங்க்குக்கு மாற்றுங்கள். அப்போது பேங்க் வரி ஒன்று, புத்தக வரி ஒன்று. மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் ஒரு நாள் வசூல்தான் மிச்சம் இருக்க வேண்டும், அதற்குமேல் இருந்தால் எந்த நாள் விழவில்லை என்று பாருங்கள். பெயின்ட் தம்பியின் கார்டு வசூலுக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஓய்வு_கிளியரிங்
5 ஜூலை, மாலை 5.20

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாளுக்கு நான்கு ஸ்வைப் வருகிற கடைக்கு நடுவில் ஒரு கணக்கு எதற்கு? அதையும் ஒருவர் ஒத்துப் பார்க்க வேண்டும். கார்டு விற்பனையை நேராக பேங்க்கில் எழுதி, கமிஷனைத் தனி வரியாகப் போட்டு, இரண்டுக்கும் ஒரே `Bank Date` கொடுத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
5 ஜூலை, மாலை 5.45

அந்த முறையில் கமிஷன் எழுத மறந்தால் மாதக் கடைசியில்தான் தெரியும் சார். தம்பிக்கு நடந்ததே அதுதானே. நடுக் கணக்கு இருந்தால் 329.22 அதில் தனியாக நின்று காட்டிக்கொடுத்திருக்கும். உங்கள் வழி தவறில்லை, ஆனால் பையன்கள் எழுதுகிற கடைக்கு ஆகாது என்பது என் எண்ணம்.

மலைக்கோட்டை_பெயின்ட்
6 ஜூலை, காலை 11.10

447.22 போய்விட்டது. ஜூன் 30 பைசாவோடு ஒத்துவிட்டது. இப்போது பட்டியலில் லாரி ஆபீஸ் செக் ரூ.8,750 மட்டும். செக் நம்பர் 398, மார்ச் 14. சரக்குலாரி அண்ணன் சொன்னதுபோல் இதர வருமானமா?

கணக்குப்பிள்ளை_ஈரோடு
6 ஜூலை, மதியம் 12.05

லாரி ஆபீஸுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள். அந்த வாடகை அவர்களுக்கு வந்து சேர்ந்ததா இல்லையா?

வரவில்லை என்றால் உங்கள் கடன் அப்படியே இருக்கிறது. செக் காலாவதி ஆனதால் கடன் காலாவதி ஆகாது. பேங்க்கில் பற்று வைத்து அவர்கள் பெயரில் வரவு வைத்து, புது செக்கோ என்இஎஃப்டியோ கொடுக்க வேண்டும். வந்து சேர்ந்தது என்றால் எப்படி வந்தது என்று தேட வேண்டும். இரண்டு வழியிலும் அது வருமானம் இல்லை.

மலைக்கோட்டை_பெயின்ட்
7 ஜூலை, இரவு 8.40

வந்து சேர்ந்திருக்கிறது. செக்கைத் தொலைத்துவிட்டதாக லாரி ஆபீஸ்காரர் ஏப்ரல் 9-இல் கடைக்கு வந்திருக்கிறார். அப்பா அங்கேயே யுபிஐயில் 8,750 அனுப்பிவிட்டார். ஏப்ரல் கணக்கில் நான்தான் அதை லாரி வாடகை என்று எழுதியிருக்கிறேன். மார்ச்சில் செக் எழுதியபோதும் லாரி வாடகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வாடகை இரண்டு தடவை செலவாகிவிட்டது.

எனக்கு ஆச்சரியம், இது நான்கு மாதமாக ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. ஏப்ரலும் மேயும் பைசாவோடு ஒத்துப்போயின.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
7 ஜூலை, இரவு 9.10

காட்டாது. வராத செக் பட்டியலில் இருக்கிறவரை டாலி அதைக் கழித்துக் கணக்குப் போட்டு ஒத்துவிட்டது என்றுதான் சொல்லும். அதனால்தான் நான் ஒவ்வொரு மாதமும் வித்தியாசத்தைப் பார்த்து முடித்த பிறகு பட்டியலில் எத்தனை நாள் பழசு என்று பார்ப்பேன். நாம் கொடுத்த செக் ஒரு மாதம் தாண்டினால் வாங்கியவருக்கு ஒரு போன். நாம் போட்ட செக் நான்கு வேலை நாள் தாண்டினால் பேங்க்குக்கு ஒரு போன்.

மார்ச் வவுச்சரைத் தொடாதீர்கள், அந்த வாடகை மார்ச் மாதத்துச் செலவுதான். ஏப்ரலில் எழுதியதுதான் கூடுதல். இன்றைய தேதியில் ஒரு ரசீது வவுச்சர், பேங்க்கில் பற்று, லாரி வாடகையில் வரவு, 8,750, விவரத்தில் 'செக் 398 ரத்து'. பிறகு மார்ச் செக்குக்கும் இந்த ரசீதுக்கும் ஒரே `Bank Date` கொடுங்கள். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் பட்டியலிலிருந்து போய்விடும்.

சரக்குலாரி
7 ஜூலை, இரவு 9.35

எங்கள் தொழிலில் இது வாரம் ஒரு தடவை நடக்கும். டிரைவர் செக்கைத் தொலைப்பான், ஓனர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார். செக் கையில் வராமல் இரண்டாவது தடவை பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அன்றைக்கே பேங்க்கில் ஸ்டாப் பேமென்ட் சொல்ல வேண்டும். இதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். ஏப்ரல் 9-இல் அந்த செக்குக்கு இன்னும் இரண்டு மாதம் உயிர் இருந்தது. யாராவது எடுத்துப் போட்டிருந்தால் பணம் போயிருக்கும்.

ஓய்வு_கிளியரிங்
7 ஜூலை, இரவு 9.50

சரியாகச் சொன்னீர்கள். 2012 ஏப்ரல் 1-க்கு முன்னால் செக்குக்கு ஆறு மாத உயிர், அப்போது இந்தக் கவலை இன்னும் நீளம்.

மலைக்கோட்டை_பெயின்ட்
12 ஜூலை, மாலை 6.30

மேஸ்திரி செக்கை வியாழக்கிழமை போட்டேன், நேற்று கிளியர் ஆகிவிட்டது. இன்று காலை வரை காத்திருந்து, திரும்பிய வரி ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தேதி போட்டேன். 118 ரூபாயை அவரிடம் கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன், பதில் சொல்லவில்லை. கேட்கவில்லை.

சரக்குலாரி
12 ஜூலை, இரவு 7.00

நான் கேட்பேன்.

ஓய்வு_கிளியரிங்
8 அக்டோபர் 2025, காலை 10.15

பழைய இழையை எழுப்புகிறேன், ஒன்று மாறிவிட்டது. அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொடர்ச்சியாக நடக்கிறது. காலையிலிருந்து பிற்பகல் வரை செக்குகள் போய்க்கொண்டே இருக்கும், கொடுக்கிற பேங்க் அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது திருப்புகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்று வரவு, நாளை திரும்பியது என்கிற இரட்டை வரி குறையும். கணக்குப்பிள்ளை அம்மா சொன்ன நான்கு வேலை நாளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் நாம் கொடுக்கிற செக்கை வாங்கியவர் பீரோவில் வைத்துக்கொண்டால் எந்த முறையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை_ஈரோடு
8 அக்டோபர், மதியம் 1.20

தொடக்கம்தான் சார், எங்கள் கிளையண்ட் இரண்டு பேருக்கு இந்த வாரம் போட்ட செக் இன்னும் வரவில்லை. தீபாவளி முடியும்வரை நான்கே வைத்துக்கொள்கிறேன்.

மலைக்கோட்டை_பெயின்ட்
8 அக்டோபர், இரவு 9.05

செப்டம்பர் பட்டியலில் இரண்டே வரி. இரண்டும் 29-ஆம் தேதி கொடுத்த செக், இந்த வாரம் போய்விட்டன.

லாரி ஆபீஸ்காரர் இன்று வந்தார். அந்த 398 செக் கிடைத்துவிட்டதாம், காலண்டருக்குப் பின்னால் சொருகியிருந்திருக்கிறது. கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்தைக் கிழித்து எடுத்துவிட்டு மீதியை என்னிடம் தந்தார். ஜூலை 7 ரசீதின் அச்சுப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லாத செக்கை அப்படி வைத்தால் போதுமா, நம்பர் இருக்கிற பகுதியையும் கிழிக்க வேண்டுமா சார்?